புல்-அப், புல்-டவுன்: சிமாஸ் கேட் கட்டுபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

டிரான்சிஸ்டர்களை வைத்து லாஜிக் கேட் கட்டிப் பார்க்கும் மாணவர்களிடமிருந்து வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றை எளியதிலிருந்து சிக்கலானது என்ற வரிசையில் இங்கே தொகுத்திருக்கிறோம். கூடிய வரை (A·B + C)' என்ற ஒரே கேட்டை வைத்தே விளக்கியிருக்கிறோம். இதைத் தாளில் வரைந்து, பிரெட்போர்டில் கட்டி, கெடுத்தும் பார்த்துவிட்டால் மற்ற கேட்கள் தாமாகப் பிடிபடும்.

என்-மாஸ் 1 வந்தா ஆன், பி-மாஸ் 0 வந்தா ஆன். இதுக்கு மேல தெரிஞ்சுக்க என்ன இருக்கு?

இரண்டையும் சுவிட்சாகப் பார்க்கும்வரை அவ்வளவுதான். என்-மாஸின் கேட் முனைக்கு உயர் மின்னழுத்தம் கொடுத்தால் சோர்ஸும் டிரெயினும் இணைகின்றன. பி-மாஸுக்குத் தாழ் மின்னழுத்தம் கொடுத்தால் இணைகின்றன. சிமாஸ் கேட்டில் பி-மாஸ்கள் எல்லாம் சப்ளைக்கும் வெளியீட்டுக்கும் நடுவில் இருக்கும். அதுதான் புல்-அப். என்-மாஸ்கள் எல்லாம் வெளியீட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் இருக்கும். அது புல்-டவுன்.

கூடுதலாக மனத்தில் வைக்க வேண்டிய நிபந்தனை ஒன்று உண்டு. உள்ளீடுகள் எந்தச் சேர்க்கையில் வந்தாலும் இந்த இரண்டு பகுதிகளில் ஒன்று மட்டுமே கடத்த வேண்டும். இரண்டும் கடத்தினால் சப்ளை நேராகக் கிரவுண்டுக்குப் பாயும். இரண்டும் கடத்தாவிட்டால் வெளியீடு எதோடும் சேராமல் அந்தரத்தில் மிதக்கும். கீழே வரும் பழுதுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

என்-மாஸை மேலேயும் பி-மாஸை கீழேயும் போட்டா இன்வெர்ட்டர் இல்லாமலே வேலை முடியுமே? ஏன் யாரும் அப்படிச் செய்யறதில்ல?

என்-மாஸ் ஆன் ஆக, கேட் முனை சோர்ஸைவிட ஒரு குறிப்பிட்ட அளவாவது உயரத்தில் இருக்க வேண்டும். அந்த அளவுதான் திரெஷோல்டு மின்னழுத்தம். என்-மாஸை மேலே வைத்தால் அதன் சோர்ஸ்தான் வெளியீடு. கேட் முனையில் 5 வோல்ட் கொடுத்தால் வெளியீடு ஏறத் தொடங்கும். ஏற ஏறக் கேட்டுக்கும் சோர்ஸுக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கும். அது திரெஷோல்டைத் தொட்டதும் டிரான்சிஸ்டர் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். வெளியீடு 5 வோல்ட்டுக்குப் போகாமல், ஒரு வோல்ட்டுக்கும் மேல் குறைவான இடத்திலேயே நின்றுவிடும்.

பி-மாஸைக் கீழே வைத்தால் இதற்கு நேரெதிர்: வெளியீடு 0 வரை இறங்காது. இப்படி அரைகுறையாக வரும் 1 அடுத்த கேட்டின் பி-மாஸை முழுதாக அணைக்காது. அங்கே வீணாக மின்னோட்டம் கசியும். அதன் வெளியீடும் தெளிவாக இருக்காது. 0-வை என்-மாஸ் முழுதாகக் கொடுக்கும், 1-ஐப் பி-மாஸ் முழுதாகக் கொடுக்கும். அதனால்தான் அவை அந்தந்த இடத்தில் இருக்கின்றன.

அப்போ தொடரா மூணு என்-மாஸ் இருந்தா ஒவ்வொண்ணுலயும் ஒரு திரெஷோல்டு போய், வெளியீடு 2 வோல்ட்டுல நிக்காதா?

நிற்காது. முந்தைய பதிலில் சொன்ன இழப்பு, என்-மாஸ் வெளியீட்டை மேலே இழுக்கும்போது மட்டும் வருவது. கீழே இழுக்கும்போது அடியில் உள்ள டிரான்சிஸ்டரின் சோர்ஸ் கிரவுண்டிலேயே இருக்கிறது. அது முழுதாக ஆன் ஆகித் தன் டிரெயினை 0-க்குக் கொண்டுவரும். அந்த டிரெயின்தான் அதற்கு மேலே உள்ளதன் சோர்ஸ். அதுவும் 0-க்கு வந்ததால் இரண்டாவது டிரான்சிஸ்டர் முழுதாக ஆன் ஆகும். இப்படியே மேலே போகும். கடைசியில் வெளியீடு 0-வைத் தொடும். தொடரில் எண்ணிக்கை கூடினால் கூடுவது மின்தடைதான். அதனால் வேகம் குறையும், மட்டம் குறையாது.

தொடர், பக்கம் எது எதுக்குன்னு ஒவ்வொரு தடவையும் குழப்பம். எப்படி ஞாபகம் வெச்சுக்கறது?

மனப்பாடம் வேண்டாம். புல்-டவுனை மட்டும் முதலில் வரையுங்கள். வெளியீடு எப்போது 0 ஆக வேண்டும் என்று கேளுங்கள். A-யும் B-யும் இரண்டும் 1 ஆனால்தான் 0 வேண்டும் என்றால், பாதை இரண்டையும் தாண்டிப் போக வேண்டும். ஆகவே தொடர். A அல்லது B ஏதாவது ஒன்று போதும் என்றால் இரண்டு தனிப்பாதைகள். ஆகவே பக்க இணைப்பு. (A·B)' என்ற நேண்டுக்குக் கீழே தொடர் வருவதும், (A + B)' என்ற நாருக்குக் கீழே பக்க இணைப்பு வருவதும் இதனால்தான்.

கீழே வரைஞ்சுட்டேன். மேலே உள்ள புல்-அப்பை எப்படிக் கண்டுபிடிக்கறது?

கீழே தொடராக இருப்பதை மேலே பக்க இணைப்பாக்குங்கள். பக்க இணைப்பாக இருப்பதைத் தொடராக்குங்கள். இதை வெளிக்கூட்டிலிருந்து தொடங்கி உள்ளே போக வேண்டும். (A·B + C)' கேட்டில் கீழே பெரிய அமைப்பு பக்க இணைப்பு: ஒரு கிளையில் A, B தொடர், இன்னொரு கிளையில் C. மேலே பெரிய அமைப்பு தொடராகும்: ஒரு பகுதியில் A, B பக்க இணைப்பு, அதனோடு தொடராக C. மூன்று என்-மாஸ், மூன்று பி-மாஸ், மொத்தம் 6.

இது ஏன் சரியாக வருகிறது என்று ஒரு வரியை வைத்துப் பாருங்கள். A = 1, B = 0, C = 0. கீழே A-B கிளை B-யில் துண்டிக்கப்பட்டிருக்கிறது, C கிளையும் கடத்தவில்லை. மேலே B பி-மாஸ் ஆன், C பி-மாஸும் ஆன். பாதை கிடைத்துவிட்டது, வெளியீடு 1. கீழே ஒரு தொடரை உடைக்க அதில் ஏதாவது ஒன்று 0 ஆனால் போதும். மேலே அதே உள்ளீடுகளில் ஏதாவது ஒன்று 0 ஆனால் பாதை கிடைக்கப் பக்க இணைப்பு வேண்டும். டி மார்கன் விதி சொல்வதும் இதைத்தான்.

பலரும் செய்யும் தவறு, உள்ளே இருக்கும் A, B-யை மட்டும் மாற்றிவிட்டு C-யைப் பக்க இணைப்பிலேயே விட்டுவிடுவது. அதன் விளைவைப் பின்னால் பார்ப்போம்.

ஆண்டும் ஆரும்தானே எளிய கேட்? அதை நேராக் கட்ட ஏன் முடியல?

உள்ளீடு 1 ஆனால் என்-மாஸ் கடத்தும். அது கடத்தினால் வெளியீடு 0-க்குத்தான் போக முடியும். உள்ளீடு ஏறினால் வெளியீடு இறங்கத்தான் செய்யும், ஒருபோதும் ஏறாது. ஆகவே ஒரே கட்டமாகக் கட்டும் எந்தச் சிமாஸ் கேட்டும் தலைகீழாக்கும் கேட்தான். ஆண்டு வேண்டுமென்றால் 4 டிரான்சிஸ்டர் நேண்டும் 2 டிரான்சிஸ்டர் இன்வெர்ட்டரும் சேர்த்து 6.

(A·B + C)'-ஐத் தனித்தனியாக ஓர் ஆண்டும் ஒரு நாரும் வைத்துக் கட்டினால் 6 + 4 = 10 டிரான்சிஸ்டர் ஆகும். ஒரே கேட்டாகக் கட்டினால் 6 தான். கட்டங்கள் மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைவதால் தாமதமும் குறையும்.

வீட்டுல கட்டிப் பார்க்க எந்தச் சிப் வாங்கணும்?

சிடி 4007. கடையில் யூபி என்ற பின்னொட்டோடு கிடைப்பதே பொருத்தம். ஒரே 14 கால் சிப்புக்குள் மூன்று என்-மாஸ், மூன்று பி-மாஸ் இருக்கின்றன. சப்ளை 3 முதல் 18 வோல்ட் வரை தாங்கும். 5 வோல்ட்டே போதும். கால்களின் அமைப்பு இது:

```
pair 1: gate 6   P: source 14, drain 13   N: source 7, drain 8
pair 2: gate 3   P: source 2,  drain 1    N: source 4, drain 5
pair 3: gate 10  P: source 11, drain 12   N: source 9, drain 12
14 = supply (+), 7 = ground
```

இரண்டைக் கவனியுங்கள். ஒவ்வொரு ஜோடியிலும் என்-மாஸ், பி-மாஸ் இரண்டின் கேட் முனைகளும் உள்ளேயே சேர்ந்திருக்கின்றன. சிமாஸ் கேட்டில் ஒவ்வோர் உள்ளீடும் மேலும் கீழும் போக வேண்டியிருப்பதால் இது நமக்கு வசதி. மூன்றாம் ஜோடியின் டிரெயின்கள் 12-ஆம் காலில் ஒட்டியே வருகின்றன. அவற்றைப் பிரிக்க முடியாது. ஆகவே, மேலும் கீழும் நேராக வெளியீட்டைத் தொடும் உள்ளீட்டையே இந்த ஜோடிக்குக் கொடுக்க வேண்டும்.

(A·B + C)'-ஐ அதுல எப்படி வயர் பண்றது?

வெளியீட்டை மேலும் கீழும் தொடுவது C. ஆகவே C மூன்றாம் ஜோடிக்கு, A முதல் ஜோடிக்கு, B இரண்டாம் ஜோடிக்கு. அதன்பின் ஐந்து இணைப்புகள் போதும்:

```
14 - 2         A, B PMOS sources to supply
13 - 1 - 11    A, B PMOS drains to C PMOS source
8 - 4          A NMOS in series with B NMOS
5 - 12         series branch to output
9 - 7          C NMOS source to ground
A = 6, B = 3, C = 10, Y = 12
```

14-க்கும் 7-க்கும் நடுவில், சிப்புக்கு ஒட்டினாற்போல் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வையுங்கள். சப்ளையிலிருந்து 14-ஆம் காலுக்கு நேராக வயர் போகாமல் 1 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாகக் கொடுங்கள். தவறாக வயர் செய்தாலும் சிப் பிழைக்கும். சோதனைக்கும் இதே ரெசிஸ்டர் உதவும்.

இந்த ரெசிஸ்டர் இருக்கும்போது உள்ளீட்டுக்கு 1 கொடுக்க வேண்டுமானால் 14-ஆம் காலிலிருந்தே எடுங்கள். ரெசிஸ்டருக்கு முன்னால், சப்ளை பக்கமிருந்து எடுத்தால், 14-இல் மின்னழுத்தம் இறங்கும் நேரத்தில் உள்ளீடு அதைவிட மேலே போய்விடும். உள்ளீட்டின் பாதுகாப்பு டயோடு கடத்தத் தொடங்கும். நீங்கள் அளக்கும் எண்ணுக்கு அப்புறம் பொருளே இருக்காது.

சரியா வந்திருக்கான்னு எப்படிச் சோதிக்கணும்? எல்இடி போட்டா போதாதா?

எல்இடி போதாது. 5 வோல்ட்டில் இந்தச் சிப்பால் சுமார் 1 மில்லிஆம்பியர்தான் நல்ல மட்டத்தோடு கொடுக்க முடியும். எல்இடியை நேராக மாட்டினால் 1-இன் மட்டம் தாழ்ந்துவிடும். காட்சிக்கு எல்இடி கட்டாயம் வேண்டுமானால் 10 கிலோஓம் வழியாக ஒரு பிசி547-இன் பேஸுக்குக் கொடுத்து, அதன் கலெக்டரில் எல்இடியை மாட்டுங்கள். சோதிக்கும்போது அதையும் கழற்றிவிடுங்கள்.

உண்மை அட்டவணையின் எட்டு வரிகளுக்கும் உள்ளீடுகளை 14 அல்லது 7-ஆம் காலோடு வயரால் நேராக இணையுங்கள். ஒவ்வொரு வரியிலும் இரண்டு அளவு எடுங்கள்: வெளியீட்டின் மின்னழுத்தம், 1 கிலோஓம் ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள மின்னழுத்தம். இரண்டாவது அளவில் 1 வோல்ட் காட்டினால் 1 மில்லிஆம்பியர் ஓடுகிறது என்று பொருள். சரியாகக் கட்டிய கேட்டில் அது எட்டு வரியிலும் ஏறக்குறைய பூஜ்யமாகவே இருக்கும், ஏனென்றால் அசையாமல் நிற்கும் 4007 மைக்ரோஆம்பியருக்கும் குறைவாகவே இழுக்கும்.

வெளியீடு இப்படி வர வேண்டும்: C = 1 உள்ள நான்கு வரியிலும் 0. A = B = 1, C = 0 வரியில் 0. மீதி மூன்றிலும் 1.

சில வரியில மட்டும் வெளியீடு 2, 3 வோல்ட்டுல நிக்குது. சிப் கெட்டுப்போச்சா?

பெரும்பாலும் இல்லை. புல்-அப்பும் புல்-டவுனும் ஒரே நேரத்தில் கடத்துகின்றன. அந்த வரிகளில் 1 கிலோஓமின் மின்னழுத்தமும் கூடவே ஏறியிருக்கும், பாருங்கள். எந்தெந்த வரிகளில் ஏறுகிறது என்பதே எந்த இணைப்பு தவறு என்று சொல்லிவிடும்.

புல்-அப்பைக் கண்டுபிடிக்கும் பதிலில் குறிப்பிட்ட தவறையே எடுத்துக்கொள்வோம். மேலே A, B, C மூன்றையும் பக்க இணைப்பாக வைத்துவிட்டீர்கள், அதாவது 11-ஐ 14-க்கும், 13-ஐயும் 1-ஐயும் 12-க்கும் கொடுத்துவிட்டீர்கள். இப்போது மூன்றில் எது 0 ஆனாலும் மேலே பாதை உண்டு. A, B, C வரிசையில் 001, 011, 101, 110 ஆகிய நான்கு வரிகளில் கீழேயும் பாதை உண்டு. ஆக எட்டில் நான்கு வரி மோதும். மீதி நான்கும் அழகாக வேலை செய்யும். எல்லாம் 0, எல்லாம் 1 என்று இரண்டை மட்டும் சோதித்துவிட்டுக் கேட் சரி என்று முடிவு செய்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

1 கிலோஓம் இல்லாமல் இந்தத் தவறோடு சப்ளையை 12 அல்லது 15 வோல்ட்டுக்கு உயர்த்தினால் மின்னோட்டம் பல மடங்கு ஏறிச் சிப் சூடாகும். ஆகவே எட்டு வரியும் தேறும்வரை 5 வோல்ட்டைத் தாண்டாதீர்கள்.

மீட்டர்ல எட்டு வரியும் சரியா இருக்கு. ஆனா அடுத்த கேட்டோட சேர்த்தா கிறுக்குத்தனமா நடந்துக்குது. என்னவா இருக்கும்?

மிதக்கும் வெளியீடு. இதைக் கண்டுபிடிப்பது மோதலைக் கண்டுபிடிப்பதைவிடக் கடினம். காரணம், மீட்டரே பழுதை மூடிமறைக்கும். சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள்தடை சுமார் 10 மெகாஓம். எதோடும் சேராத வெளியீட்டைத் தொட்டதும் மீட்டரே அதைக் கிரவுண்டுக்கு இழுத்துவிடும். திரையில் 0 காட்டும்.

நம் கேட்டில் 9-லிருந்து 7-க்குப் போகும் வயரை மட்டும் மறந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். C = 1 ஆகி, A, B இரண்டும் சேர்ந்து 1 ஆகாத மூன்று வரிகளில் மேலே C பி-மாஸ் அணைந்திருக்கிறது. கீழே பாதையே இல்லை. வெளியீடு மிதக்கிறது. அந்த வரிகளில் வர வேண்டியது 0. மீட்டர் காட்டுவதும் 0. அட்டவணை தேறிவிடுகிறது, கேட் மட்டும் தவறு. ரெசிஸ்டரில் மின்னோட்டமும் தெரியாது.

இதற்கு ஒரு 100 கிலோஓம் ரெசிஸ்டர் போதும். ஒவ்வொரு வரியிலும் வெளியீட்டை அதன் வழியாக ஒரு முறை 14-க்கும் ஒரு முறை 7-க்கும் இணைத்துப் பாருங்கள். உண்மையாகவே ஓட்டப்படும் வெளியீடு சில பத்து மில்லிவோல்ட்டுக்கு மேல் அசையாது. மிதக்கும் வெளியீடு ரெசிஸ்டர் போகும் பக்கமெல்லாம் முழுதாகப் போகும். சிமாஸ் கேட் கட்டும் எவரும் இந்தச் சோதனையை விடக்கூடாது.

உள்ளீடுகளுக்கும் இது பொருந்தும். பயன்படுத்தாத ஜோடியின் கேட் முனையைச் சும்மா விட்டால் அது பக்கத்தில் கை வந்தாலே மாறும். 7 அல்லது 14-க்கு இணைத்துவிடுங்கள்.

14-ஆம் காலுக்கு சப்ளை கொடுக்கவே மறந்துட்டேன், ஆனாலும் கேட் பாதி வேலை செஞ்சுது. எப்படி?

உள்ளீட்டிலிருந்து 14-ஆம் காலுக்குப் போகும் பாதுகாப்பு டயோடு வழியாக. வேறு இடத்திலிருந்து 5 வோல்ட் கொண்டுவந்து ஓர் உள்ளீட்டுக்குக் கொடுத்தால், டயோடின் 0.6 வோல்ட் போக மீதி சிப்பின் சப்ளையாகிவிடும். ஏதாவது ஓர் உள்ளீடு 1 ஆக இருக்கும்வரை கேட் வேலை செய்வதுபோல் தெரியும். எல்லா உள்ளீடும் 0 ஆனதும் உயிர் போய்விடும். 000 வரியில் மட்டும் 1 வராமல் போனால் முதலில் 14-ஆம் காலில் மீட்டரை வையுங்கள். அந்த டயோடு சப்ளை மின்னோட்டத்தைச் சுமக்கச் செய்யப்பட்டதல்ல, அதனால் அப்படியே ஓடவிடாதீர்கள்.

4007 கிடைக்கல. 2என்7000 மாதிரி தனி மாஸ்ஃபெட் வெச்சுக் கட்டலாமா?

கட்டலாம். ஆனால் தனி மாஸ்ஃபெட்டில் சோர்ஸும் உடற்பகுதியும் உள்ளேயே இணைந்திருக்கும். அதனால் சோர்ஸுக்கும் டிரெயினுக்கும் நடுவில் ஒரு டயோடு எப்போதும் உண்டு. என்-மாஸில் சோர்ஸ் கிரவுண்டைப் பார்த்தும், பி-மாஸில் சோர்ஸ் சப்ளையைப் பார்த்தும் இருக்க வேண்டும். தொடரில் உள்ள ஒவ்வொன்றுக்கும் இது பொருந்தும். ஒன்றைத் திருப்பி மாட்டினால் கேட் முனையில் என்ன கொடுத்தாலும் அது அணையாது, அந்த டயோடு கடத்திக்கொண்டே இருக்கும். அப்படி ஒரு வெளியீடு 0-வுக்கு வராமல் 0.6, 0.7 வோல்ட்டிலோ, சப்ளைக்கு அதே அளவு கீழேயோ நின்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

தொடர்ல எந்த உள்ளீடு மேல, எது கீழன்னு பார்க்கணுமா? லாஜிக் ஒண்ணுதானே?

லாஜிக் ஒன்றுதான், வேகம் ஒன்றல்ல. நேண்டின் கீழ்ப்பகுதியில் இரண்டு என்-மாஸுக்கு நடுவில் ஒரு சந்தி இருக்கிறது. அதற்கும் சிறு கெபாசிட்டன்ஸ் உண்டு. கிரவுண்டு பக்கத்து உள்ளீடு முன்னமே 1 ஆகிவிட்டால் அந்தச் சந்தி ஏற்கெனவே 0-வில் காத்திருக்கும். மேலே உள்ளது வந்து சேரும்போது வெளியீட்டை மட்டும் இறக்கினால் போதும். மாறாக, மேலே உள்ளது முதலில் வந்தால் நடுச்சந்தியும் மின்னூட்டம் ஏறி நிற்கும். கீழே உள்ளது வரும்போது இரண்டையும் சேர்த்து இறக்க வேண்டும். ஆகவே தாமதமாக வந்து சேரும் சிக்னலை வெளியீட்டுக்கு அருகில் வையுங்கள். பிரெட்போர்டில் இந்த வித்தியாசம் வயர்களின் கெபாசிட்டன்ஸில் பெரும்பாலும் மறைந்துவிடும். சிப்புக்குள் அப்படி இல்லை.

நேண்டுக்கும் நாருக்கும் 4 டிரான்சிஸ்டர்தான். ஏன் எல்லாரும் நேண்டையே விரும்பறாங்க?

சிலிக்கானில் துளைகள் எலக்ட்ரான்களைவிட மெதுவாக நகர்கின்றன. அதே அகலமுள்ள பி-மாஸின் மின்தடை என்-மாஸினுடையதைவிட இரண்டு மடங்குக்குப் பக்கமாக இருக்கும். அதனால் இன்வெர்ட்டரில் என்-மாஸ் அகலம் 1 என்றால் பி-மாஸுக்கு 2 கொடுப்பது வழக்கமான கணக்கு. தொடரில் இரண்டு வந்தால் மின்தடை இரட்டிப்பதால் ஒவ்வொன்றின் அகலத்தையும் இரட்டிக்க வேண்டும்.

நேண்டில் தொடரில் வருவது என்-மாஸ்: அகலம் 1 என்பது 2 ஆகும். பி-மாஸ் 2 ஆகவே இருக்கும். ஓர் உள்ளீட்டின் சுமை 4. நாரில் தொடரில் வருவது ஏற்கெனவே அகலமான பி-மாஸ்: 2 என்பது 4 ஆகும், என்-மாஸ் 1. சுமை 5. இன்வெர்ட்டரின் சுமை 3. அதே வேலைக்கு நார் முந்தைய கட்டத்தை அதிகமாகச் சுமக்கவைக்கிறது. உள்ளீடுகள் கூடக்கூட இந்த இடைவெளி விரியும். நம் (A·B + C)' கேட்டில் மேலே எல்லாப் பாதையும் இரண்டு தொடர் பி-மாஸ் என்பதால் மூன்றுக்கும் அகலம் 4. கீழே A, B-க்கு 2, C-க்கு 1. A-யின் சுமை 6, C-யின் சுமை 5.

4007-இல் அகலத்தை மாற்ற வழியில்லை. அதனால் தொடர் பி-மாஸ் வழியே வெளியீடு ஏறும் வேகம் அலைநோக்கியில் மந்தமாகத் தெரிவது இயல்பு. அது பழுதல்ல. நடைமுறையில் தொடரில் நான்குக்கு மேல் வைப்பது அரிது. எட்டு உள்ளீடு வேண்டுமானால் இரண்டு கட்டமாகப் பிரிப்பதே வேகமானது.

புல்-அப் எப்பவும் புல்-டவுனோட தலைகீழ் வடிவமாத்தான் இருக்கணுமா?

வேண்டியதில்லை. முதல் பதிலில் சொன்ன நிபந்தனை மட்டுமே கட்டாயம்: ஒன்று கடத்தும்போது மற்றது கடத்தக்கூடாது, இரண்டில் ஒன்று கடத்தியே ஆக வேண்டும். தொடரைப் பக்கமாக்கும் விதி அதற்கு ஓர் உறுதியான வழி, ஆனால் ஒரே வழி அல்ல.

மூன்று உள்ளீடுகளில் பெரும்பான்மையைக் கண்டுபிடிக்கும் கேட்டைப் பாருங்கள். முழுக்கூட்டியில் மீதியை அடுத்த இலக்கத்துக்குக் கடத்துவது இதுதான். கீழே A·(B + C) + B·C: A-யோடு தொடராக B, C பக்க இணைப்பு, அதற்குப் பக்கத்தில் B, C தொடர் கிளை. விதிப்படி மேலே வரைந்தால் ஒரு பாதையில் மூன்று பி-மாஸ் தொடராக வரும். ஆனால் மூன்றில் குறைந்தது இரண்டு 1 ஆக இல்லை என்றால், குறைந்தது இரண்டு 0 ஆக இருந்தே தீரும். ஆகவே கீழே உள்ள அதே வடிவத்தை அப்படியே மேலேயும் போட்டால் நிபந்தனை நிறைவேறுகிறது. எந்தப் பாதையிலும் இரண்டுக்கு மேல் தொடர் இல்லை. 10 டிரான்சிஸ்டரில் முடிகிறது.

இரண்டு 4007-இல் இது கச்சிதமாக உட்காரும். ஐந்து ஜோடி கேட்டுக்குப் போக, மிஞ்சும் ஆறாவது ஜோடி இன்வெர்ட்டராகி நேரான பெரும்பான்மையைக் கொடுக்கும்:

```
both chips: 14 = supply, 7 = ground
chip 1: A = 10, B = 6, C = 3
  2-14   4-7   13-1-11   8-5-9   Y' = 12
chip 2: B = 6, C = 3
  13-2   8-4   1-5 to Y'
  11-14  9-7   10 to Y'   Y = 12
```

முதல் சிப்பில் A மூன்றாம் ஜோடியில் இருப்பதைக் கவனியுங்கள். மேலும் கீழும் வெளியீட்டைத் தொடுவது அதுதான். இதையும் எட்டு வரிக்கும் 1 கிலோஓமோடும் 100 கிலோஓமோடும் சோதியுங்கள். 1 கிலோஓமைச் சப்ளைக்கும் இரண்டு சிப்புகளின் 14-ஆம் கால்களும் சேரும் இடத்துக்கும் நடுவில் வையுங்கள். 100 கிலோஓமை Y-யில் வைத்தால் இன்வெர்ட்டர் மிதப்பை மறைத்துவிடும், அதனால் Y'-இல் வைத்துப் பாருங்கள்.